இணைப்புக் குடும்பப் படத்துக்கு எத்தனை திருத்தம்? வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்துக்கான முழு வழிகாட்டி

குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை வட்டாரத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு, வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு காலங்களில் எடுத்த படங்களிலிருந்து ஆட்களை எடுத்து ஒரே குடும்பப் படமாகச் சேர்க்கும் வேலை புதிதல்ல. வளைகுடாவில் இருக்கும் மகன், ஊரில் இருக்கும் அம்மா, காலமான அப்பா ஆகிய மூவரும் ஒரே படத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் வீட்டின் பால்காய்ப்புக்கோ ஆண்டு நினைவு நாளுக்கோ அந்தப் படம் முன்னறைச் சுவரில் இருந்தாக வேண்டும். இந்த வேலையில் சண்டை வருவது விலையில் அல்ல, திருத்தத்தில்தான். "இரண்டு முறை இலவசத் திருத்தம்" என்று ரசீதில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு முறை என்பது எது, எந்தக் கட்டத்தில் எதைக் கேட்கலாம் என்று எழுதாத வரை அந்த வரிக்கு இரு தரப்பும் தமக்கு வசதியான பொருளையே கொள்ளும். ஆகவே அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. அதை எப்படி அமைப்பது என்பதை ஓர் ஆர்டரை முன்வைத்தே பார்ப்போம்.

ஆர்டர் இதுதான்: 24-க்கு 16 அங்குலப் படம், ஆறு பேர். அம்மா, நாகர்கோவிலில் இருக்கும் மகள், அவருடைய குழந்தை ஆகிய மூவரையும் வீட்டு வராந்தாவில் ஸ்டுடியோ கேமராவில் எடுத்தாயிற்று. ஷார்ஜாவில் இருக்கும் மகனும் மருமகளும் அங்கிருந்து படம் அனுப்புவார்கள். அப்பா காலமாகிவிட்டார், அவருடைய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றும், ஒரு கல்யாண ஆல்பத்தில் அவர் சிரித்தபடி நிற்கும் குழுப்படம் ஒன்றும் இருக்கின்றன. ஆர்டர் கொடுத்தவர் மகன், கடிதமும் அவருக்கே.

முதல் படி: எழுதுவதற்கு முன் படங்களை அளந்து பார்ப்பது

எதைத் திருத்த முடியும், எதை முடியாது என்பதைக் கையில் இருக்கும் படங்களே முடிவு செய்கின்றன என்பதால், அவற்றைப் பார்க்காமல் பொதுவான கடிதம் ஒன்றை அச்சடித்து வைத்துக் கொடுப்பதில் பயன் இல்லை. 24 அங்குல அகலத்தில் ஆறு பேர் முழங்கால் வரை தெரியும்படி நிற்கும்போது, ஒரு முகம் உச்சி முதல் தாடை வரை சுமார் 2 அங்குலம் வரும். பிரிண்டில் அது கூர்மையாகத் தெரிய அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 600 பிக்சல் தேவை. 150 வரை இறங்கினாலும் சுவரில் தொங்கும் படத்துக்குத் தாங்கும்.

இப்போது அப்பாவின் பாஸ்போர்ட் அளவுப் படத்தை எடுத்துக்கொள்வோம். 35-க்கு 45 மில்லிமீட்டர் படத்தில் முகம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் இருக்கிறது. 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 700 பிக்சல் கிடைத்துவிடுகிறது. ஆல்பத்துக் குழுப்படத்தில் அதே முகம் 12 மில்லிமீட்டர்தான். ஸ்கேன் செய்தால் 280 பிக்சல் அளவில் நிற்கிறது, அதாவது அங்குலத்துக்கு 140. முகம் சற்று மென்மையாக விழும், ஆனால் ஆள் தெரிவார். அதே ஆல்பப் படத்தை யாரோ கைப்பேசியில் பிடித்து வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால், நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்தக் குழுப்படத்தில் முகத்துக்கு 90 பிக்சல் கிடைத்தால், 2 அங்குலத்தில் அங்குலத்துக்கு 45 பிக்சல்தான் வரும். அதை வைத்துக்கொண்டு கண்ணிமையைத் தெளிவாக்கித் தரும்படி கேட்டால், செய்பவர் அந்த இமையைத் தாமாக வரைய வேண்டியிருக்கும். வரைந்த கண் அப்பாவுடையதாக இருக்காது. பெரிய படம் என்பதால் நல்ல படம் என்றும், சின்னப் படம் என்பதால் உதவாது என்றும் வாடிக்கையாளர் நினைப்பது இயல்பு. கடிதத்தில் இந்தக் கணக்கு முழுவதையும் கொட்ட வேண்டாம். முடிவை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

வெளிச்சம் வரும் திசையையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். வராந்தாவில் எடுத்த மூவருக்கும் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது. ஷார்ஜாவிலிருந்து வரும் படத்தில் அது வலப்பக்கம் இருந்தால், படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். திருப்பினால் சேலை முந்தானை வலத் தோளுக்குப் போய்விடும், சட்டைப் பை வலப்பக்கம் வந்துவிடும், தலை வகிடும் மச்சமும் இடம் மாறிவிடும். பார்த்தவுடன் என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும், 'இது நம்ம மருமகள் மாதிரி இல்லையே' என்று வீட்டில் முதலில் கண்டுபிடிப்பவர் அம்மாவாகத்தான் இருப்பார். ஆகவே ஷார்ஜாவில் படம் எடுக்கும் முறையையும் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். தாமே எடுத்துக்கொள்ளும் செல்ஃபி கூடாது, ஏனெனில் கைத்தொலைவில் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும். அந்த விகிதத்தைப் பின்னால் சரிசெய்வது முகத்தையே மாற்றிவிடும்.

இரண்டாம் படி: திருத்தத்தைக் கட்டங்களோடு கட்டுவது

இந்தக் கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எத்தனை முறை என்பதைவிட, எந்தக் கட்டத்தில் எது முடிந்துபோகிறது என்பதே முக்கியம். வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் அமைப்பு: யார் எங்கே, யார் உட்கார்ந்து, யார் நின்று, பின்னணி என்ன, யார் எவ்வளவு உயரம். இதை முகங்களை மெருகேற்றாமல் கரடுமுரடாகவே வெட்டிவைத்துக் காட்டலாம். இரண்டாவது முகமும் உடையும். மூன்றாவது நிறமும் வெளிச்சமும் பிரிண்டும்.

முதல் கட்டம் ஏன் பூட்டப்பட வேண்டும் என்பதை வாடிக்கையாளருக்குக் காரணத்தோடு சொல்ல வேண்டும், ஏனெனில் அவர் கண்ணுக்கு ஓர் ஆளை இடமிருந்து வலம் நகர்த்துவது ஒரு நொடி வேலையாகத் தெரிகிறது. அம்மாவின் தோளுக்குப் பின்னால் மகன் நிற்கும்போது, அவர் மீது அம்மாவின் நிழல் விழுகிறது. அவருடைய கையில் பாதி மறைகிறது. அந்த மறைந்த பாதி நம்மிடம் இருக்கும் மூலப்படத்தில் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவரை வெளியே நகர்த்தினால், நிழலை அழித்து வேறிடத்தில் போட்டு, புதிதாக அருகில் வந்தவரின் விளிம்பையும் சரிசெய்தாக வேண்டும். அது ஒரு திருத்தமல்ல, இருவருக்கான வேலை மறுபடியும் தொடங்குகிறது.

உயரம் பற்றிய ஒரு கேள்வியை இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுவது பின்னால் வரும் பாதிக் குறைகளைத் தடுக்கும். பாஸ்போர்ட் படத்தில் அப்பாவின் உயரம் தெரியாது. அவர் மகனைவிட உயரமா, குட்டையா என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொருவரின் உயரத்தையும் அடி, அங்குலத்தில் எழுதி வாங்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒரு சுற்று என்பது எது, யார் பேசுவது

குடும்ப வாட்ஸாப் குழுவில் புரூஃப் படம் விழுந்ததும் ஒருவர் காலையில் சேலையைச் சொல்வார், இன்னொருவர் மாலையில் கண்ணாடியைச் சொல்வார், அத்தையிடமிருந்து மறுநாள் ஒரு குரல் செய்தி வரும். இவற்றை மூன்று சுற்றாக எண்ணினால் வாடிக்கையாளருக்குக் கோபம் வரும்; ஒரே சுற்றாக எண்ணினால் அந்தச் சுற்று முடியவே முடியாது. அதனால் ஒருவர், ஒரே பட்டியல், எழுத்தில் என்று கடிதத்தில் வரையறுக்க வேண்டும். அந்த ஒருவர் பணம் கொடுப்பவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பாவின் முகத்தை நன்கு அறிந்த அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக்கூடியவராக இருந்தால் போதும்.

பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும் என்று எழுதுவது சில தொழில்களில் வழக்கம். இறந்தவர் முகம் இருக்கும் படத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. பதில் தாமதமானால் அத்தனை நாள் ஒப்படைக்கும் தேதியும் தள்ளிப்போகும் என்று எழுதினாலே போதுமான அழுத்தம் கிடைக்கிறது. நம் பக்கத்துப் பிழைகளும், அதாவது வெட்டு விளிம்பு தெரிவது, ஆறு விரல் விழுவது, கேட்டதைச் செய்ய விட்டுப்போவது போன்றவை, சுற்றுக் கணக்கில் சேராது என்பதையும் நாமே முந்திக்கொண்டு எழுத வேண்டும். அந்த வரி இருந்தால் மற்ற வரம்புகளை ஏற்க அவருக்குத் தயக்கம் குறைகிறது.

நான்காம் படி: கடிதம்

மேலே பார்த்த ஆர்டருக்கான கடிதம் இப்படி அமையலாம். தொகைகள் இந்த ஒரு வேலைக்கு வைத்துக்கொண்ட மாதிரிதான். அவரவர் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் குடும்பத்தார் ஆறு பேரையும் ஒரே படமாகச் சேர்த்து, 24-க்கு 16 அங்குல அளவில் பிரிண்ட், லேமினேஷன், பிரேமுடன் ரூ.6,500-க்குச் செய்து தர ஒப்புக்கொண்டு, அட்வான்ஸாக ரூ.3,000 பெற்றுக்கொண்டோம். இதில் எந்த நேரத்தில் எந்தத் திருத்தத்தைத் தாங்கள் கேட்கலாம் என்பதை வேலை தொடங்கும் முன்பே தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

தங்களுக்கு மூன்று புரூஃப் அனுப்புவோம். முதல் புரூஃபில் ஆட்கள் நிற்கும் இடம், உயரம், பின்னணி ஆகியவற்றை மட்டும் பாருங்கள். முகங்கள் அப்போது முழுமையாக இருக்காது. அதற்கு இரண்டு சுற்றுத் திருத்தம் உண்டு. தாங்கள் ஒப்புதல் தந்த பின் அமைப்பை மாற்ற இயலாது. ஒருவரை நகர்த்தினால் அவருடைய நிழலையும் அருகில் இருப்பவர்களின் விளிம்பையும் புதிதாகச் செய்ய வேண்டியிருப்பதே காரணம். அப்படியும் மாற்றியே ஆக வேண்டுமானால் ரூ.800 ஆகும். இரண்டாம் புரூஃபில் முகம், தலைமுடி, உடை ஆகியவற்றைப் பாருங்கள். அதற்கும் இரண்டு சுற்று. மூன்றாவதாக நிறத்துக்கு ஒரு சுற்று. நிறத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். முகங்கள் அடங்கிய ஒரு சிறு மாதிரிப் பிரிண்டைத் தங்கள் தங்கையிடம் கொடுப்போம், அதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லவும்.

ஒரு சுற்று என்பது, தங்கள் குடும்பத்தின் சார்பில் ஒருவர் எழுத்தில் அனுப்பும் ஒரு முழுப் பட்டியல். அந்த ஒருவர் யார் என்பதைத் தயவுசெய்து இப்போதே தெரிவியுங்கள். புரூஃப் கிடைத்த 3 நாளுக்குள் பட்டியல் வர வேண்டும். தாமதமாகும் நாட்கள் ஒப்படைக்கும் தேதியோடு கூடும். எங்கள் பிழைகளைத் திருத்துவது எந்தச் சுற்றிலும் சேராது. மேற்கண்டவற்றுக்கு மேல் ஒரு சுற்றுக்கு ரூ.500.

தங்கள் தந்தையாரின் முகத்துக்குப் பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பயன்படுத்துகிறோம். ஆல்பத்தில் சிரிக்கும் படம் இதைவிடத் தெளிவு குறைந்தது. இரண்டில் எது வேண்டும் என்பதை முதல் ஒப்புதலுக்கு முன் வீட்டில் பேசிச் சொல்லுங்கள். பின்னர் மாற்றினால் ரூ.700 ஆகும். ஒரு படத்தில் இல்லாத சிரிப்பையோ, மூடிய கண்ணுக்குப் பதில் திறந்த கண்ணையோ வரைந்து சேர்க்க மாட்டோம். அது அவர் முகமாக இராது. புதிதாக ஒருவரைச் சேர்க்க ரூ.900.

தங்கள் இருவரின் படத்தையும் வேறொருவர் எட்டடி தள்ளி நின்று, கேமராவை மார்பு உயரத்தில் பிடித்து எடுக்கட்டும். படம் எடுப்பவர் நிற்கும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழ் வரை தெரிய வேண்டும். வாட்ஸாப்பில் டாக்குமெண்டாக அனுப்பவும். ஆறு பேரின் உயரத்தையும் எழுதி அனுப்பவும்.

இறுதி ஒப்புதலுக்குப் பின் படம் லேபுக்குப் போய்விடும். அதன்பின் வரும் மாற்றத்துக்குப் பிரிண்ட் செலவு முழுவதும் புதிதாக ஆகும். பால்காய்ப்புக்கு 5 நாள் முன்பாகப் படம் தங்கள் வீட்டில் இருக்க வேண்டுமானால், அதற்கு 10 நாள் முன்பாக இறுதி ஒப்புதல் எங்களுக்குக் கிடைத்தாக வேண்டும். இவை தங்களுக்குச் சம்மதமானால், 'சம்மதம்' என்று பதில் எழுதியதும் வேலையைத் தொடங்குகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
(ஸ்டுடியோ பெயர், கையொப்பம், தேதி)

ஐந்தாம் படி: பட்டியல் வந்ததும் பிரித்துப் பார்ப்பது

கடிதம் சரியாக எழுதப்பட்டதா என்பது இரண்டாம் புரூஃபுக்குப் பதில் வரும்போது தெரிந்துவிடும். இந்த ஆர்டரில் பேசும் பொறுப்பைத் தங்கை ஏற்கிறார் என்றும், ஏழு குறிப்புகள் அனுப்புகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அப்பாவின் காலர் ஓரம் வெட்டியது போல் தெரிகிறது. அம்மாவின் நெற்றியில் விழும் முடியை எடுக்க வேண்டும். அப்பா அண்ணனைவிட உயரம், படத்தில் குட்டையாக இருக்கிறார். அப்பா பல் தெரியச் சிரிக்கட்டும். மதினியின் பச்சைச் சேலை மெரூன் நிறமாகட்டும். அண்ணன் எல்லாரையும் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொல்கிறார், அம்மாவோ அப்பாவின் நிறமே போய்விட்டது என்கிறார். பின்னணியில் வராந்தாவுக்குப் பதில் புது வீட்டின் முகப்பு வேண்டும்.

காலர் நம் பிழை, எண்ணிக்கையில் சேராது. நெற்றி முடி இந்தக் கட்டத்துக்கே உரிய திருத்தம். உயரத்தை முன்பே எழுதித் தந்தும் நாம் தவறவிட்டிருந்தால் அதுவும் நம் பிழை; எழுதித் தராமல் அமைப்புக்கு ஒப்புதல் தந்திருந்தால் அது பூட்டிய கட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அப்பா பின்வரிசையில் யாரையும் மறைக்காமல் நிற்கிறார் என்றால், சற்று மேலே ஏற்றுவது சில நிமிட வேலைதான். அதற்குப் பணம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வரம்பு எழுதி வைத்திருப்பதால் அதை ஒவ்வொரு முறையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. விட்டுக்கொடுக்கும்போது 'இது அமைப்பு மாற்றம், இம்முறை கட்டணம் இல்லை' என்று பதிலில் எழுதிவிட்டால் போதும்.

பல் தெரியும் சிரிப்புக்கு ஆல்பப் படத்துக்குத்தான் போக வேண்டும், ரூ.700. பணம் வாங்குவதற்கு முன், அந்த முகத்தை மட்டும் 2 அங்குல அளவில் ஒரு துண்டுப் பிரிண்ட் எடுத்துக் காட்டிவிடுவது நல்லது. தெளிவு குறைவதைக் கண்ணால் பார்த்த பிறகும் அதுவே வேண்டும் என்றால் செய்யலாம். சேலை நிறம் பார்ப்பதற்கு எளிது, ஆனால் மொத்தமாக நிறத்தை மாற்றினால் சரிகையும் சிவந்துவிடும், கையில் விழும் சேலையின் பச்சைச் சாயல் அப்படியே நின்று காட்டிக்கொடுக்கும். சரிகையைத் தனியே பிரித்துத்தான் செய்ய வேண்டும் என்றாலும், ஒரே சேலைக்கு என்றால் இந்தச் சுற்றிலேயே சேர்த்துக்கொள்ளலாம். வேறு சேலையையே மாற்றிக் கட்டிவிடக் கேட்டால் அது புது வேலை.

நிறத்தைப் பற்றிய குறிப்பை அப்படியே தங்கைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சொற்களில் எதைக் கேட்பது என்று ஸ்டுடியோ முடிவு செய்யக் கூடாது. செய்தால் மற்றவருக்கு நாம் எதிரியாவோம். நிறம் மூன்றாம் கட்டத்தில், மாதிரிப் பிரிண்டில் பார்க்கப்படும் என்றும், அதற்குள் வீட்டில் ஒரு முடிவுக்கு வரும்படியும் எழுதினால் போதும். மாதிரிப் பிரிண்ட் கைக்கு வந்ததும், அம்மா அப்பாவை நினைவிலிருந்து ஒப்பிட்டுச் சொல்வதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். பின்னணி மாற்றம் பூட்டிய அமைப்பைச் சேர்ந்தது, ரூ.800. அதோடு ஒரு கேள்வியும் எழுப்ப வேண்டும்: புது வீட்டின் முகப்பில் வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது? ஆட்கள் மீது வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது. வீட்டுச் சுவரில் தூணின் நிழலும் அதே திசையில் இருக்கும் நேரத்தில் படம் எடுத்தால்தான் ஆறு பேரும் அந்த வீட்டின் முன் நிற்பதாகத் தெரியும்.

பதிலை எழுதும்போது ஏழு குறிப்புகளுக்கும் அதே வரிசையில் ஒவ்வொரு வரி எழுதி, கூடுதல் தொகை இருப்பவற்றை மட்டும் கூட்டி, கடைசியில் 'இது இரண்டாம் புரூஃபின் முதல் சுற்று. இன்னும் ஒரு சுற்று உள்ளது' என்று குறிப்பிட வேண்டும். கூடுதல் தொகைக்கு எழுத்தில் சம்மதம் வரும் வரை அந்த இரண்டு மாற்றங்களை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, மற்றவற்றை அன்றே தொடங்கலாம். ஒவ்வொரு புரூஃபையும் தேதியும் சுற்று எண்ணும் சேர்த்த பெயரில் தனித்தனிக் கோப்பாகச் சேமித்து, லேயர்களை ஒன்றாக்காமல், ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு மாதமாவது வைத்திருக்க வேண்டும். ஷார்ஜாவிலிருந்து மகன் விடுமுறைக்கு வந்து சுவரில் பார்த்த பிறகு, தமக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்பது இந்தப் பக்கத்தில் வழக்கம்தான், அப்போது அவர் ஒப்புதல் தந்த கோப்பு எது என்று தேட வேண்டியிராது.